2 லட்சம் லோன், கைக்கு வந்தது 1,83,930: கடன் ஆப்பில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

பெயர் போடவில்லை. ஆப் மூலம் பெர்சனல் லோன் கொடுக்கிற ஒரு தனியார் நிதி நிறுவனம், அவ்வளவுதான். எரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் காலேஜ் ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து 1,95,000 கட்ட வேண்டியிருந்தது. போனில் பேசிய ஏஜென்ட் பையன் அவ்வளவு பணிவு. "அக்கா, 2 லட்சம் சாங்ஷன் ஆயிடுச்சு. வட்டி 16 பர்சென்ட், 24 மாசம், இஎம்ஐ 9,793. ஃபைல் சார்ஜ் கொஞ்சம் இருக்கும், வேற ஒண்ணும் கிடையாது. இன்னைக்கு நைட்டுக்குள்ள ஓகே பண்ணிடுங்க, இல்லைன்னா ஆஃபர் போயிடும்" என்றான். தன் அக்கா பொண்ணும் இப்போதுதான் காலேஜ் சேர்ந்தாள் என்றெல்லாம் சொன்னான். அந்தப் பேச்சை நம்பித்தான் ஓடிபி போட்டேன்.

மறுநாள் அக்கவுண்டில் விழுந்தது 1,83,930. மீதி 16,070 எங்கே? ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிராசஸிங் ஃபீஸ் 3% என்று 6,000, அதற்கு ஜிஎஸ்டி 1,080, டாக்குமென்ட் சார்ஜ் வரியோடு 590, கடன் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 8,400. இந்த இன்ஷூரன்ஸ் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபீஸுக்குக் குறைந்த 11,070-க்கு என் செயினை அடகு வைத்தேன். கடன் வாங்கியும் கடன்!

பிடித்தது 16,070 மட்டும் என்றால்கூட ஒரு மாதிரி. நான் தொட்டுக்கூடப் பார்க்காத அந்த 16,070-க்கும் 24 மாதம் வட்டி கட்டுகிறேன். இஎம்ஐ முழு 2 லட்சத்துக்குத்தானே போட்டிருக்கிறார்கள்? கையில் வாங்கிய தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி தெரியும். எக்செல்லில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=RATE(24,-9793,183930)*12
```

கிட்டத்தட்ட 24.7% வருகிறது. சொன்னது 16. இதில் இன்னொரு கொடுமை, சீக்கிரம் அடைத்தால் லாபம் என்று நினைப்போம் இல்லையா? ஒரு வருஷத்திலேயே மொத்தமாக அடைத்தால் கணக்கு 27.5% பக்கம் போகிறது. முதலிலேயே பிடித்த 16,070 திரும்ப வராது, அது பாதிக் காலத்துக்குள் அடங்கிவிடுவதால்தான். முன்கூட்டி அடைப்பதற்கு அவர்கள் போடுகிற அபராதம் வேறு தனி.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "மேடம், நீங்கதானே ஓடிபி குடுத்தீங்க" என்றார்கள். இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றேன். அது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்க வேண்டுமாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ லோன் கொடுத்தவரிடம் கேட்கச் சொன்னது. பணிவான பையன் இப்போது போனே எடுப்பதில்லை.

அவர்கள் அனுப்பிய பிடிஎஃப் கட்டில் கேஎஃப்எஸ் என்று ஒரு தாள் இருந்தது. கடனின் முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எனக்கு வந்தது முழுக்க இங்கிலீஷ். அதில் ஏபிஆர், அதாவது எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம், 20% என்று போட்டிருந்தார்கள். 24.7 ஏன் 20 ஆனது? 8,400 இன்ஷூரன்ஸை அந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. அது வேறொரு பக்கத்தில், "விருப்பத்தின் பேரில்" என்று, டிக் ஏற்கெனவே போட்டபடி இருந்தது. கடன் கொடுப்பவர் வசூலித்துக் கொடுக்கிற இன்ஷூரன்ஸ் கட்டணமும் ஏபிஆரில் வர வேண்டும் என்பதுதான் விதி. இதை எழுதிப் புகார் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கியின் புகார் விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகப்போகிறேன்.

உங்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. "கைக்கு எவ்வளவு வரும்?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், சாங்ஷன் தொகையைக் கேட்காதீர்கள். இன்ஷூரன்ஸ் டிக்கைப் பாருங்கள். "இன்னைக்கு நைட்டுக்குள்ள" என்பது சும்மா மிரட்டல். கேஎஃப்எஸ் கொடுத்தபின் யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் தர வேண்டும். ஆப் கடனில் பணம் வந்த பிறகும் திருப்பிக் கொடுத்து வெளியே வர குறைந்தது ஒரு நாளாவது உண்டு. எத்தனை நாள் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும். ஆனால் ஃபீஸைத் திருப்பித் தருவார்களா என்பதை அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பிராசஸிங் ஃபீஸைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது.