கூட்டாளிப் பொருத்தம் பார்க்கப் போய் 19,500 ரூபாய் போனது

செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க நானும் என் நண்பரும் கூட்டுச் சேர்ந்தோம். பத்திரம் எழுதுவதற்கு முன் எண் பொருத்தம் பார்த்துவிடச் சொன்னார் மாமனார். சரி என்று இருவரும் ஒரு எண் ஜோதிடரிடம் போனோம். கட்டணம் 1,500.

என் பிறந்த தேதி 14-8-1987. நாள், மாதம், வருடத்தின் இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டி ஒற்றை இலக்கமாகச் சுருக்கினார்: 5, 8, 7. கூட்டினால் 20, ஆக என் விதி எண் 2. நண்பருடையது 3-5-1985. 3, 5, 5 கூட்டினால் 13, விதி எண் 4.

"2 சந்திரனோட எண், 4 ராகுவோட எண். நீங்க சந்திரன், அவர் ராகு. சேர்ந்தா கிரகணம்தான் சார். ரெண்டு வருஷத்துல கோர்ட்ல நிப்பீங்க" என்றார். நண்பரின் முகம் தொங்கிவிட்டது.

பரிகாரம் இருந்தது, இல்லாமலா? கம்பெனிப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் கூடுதலாக ஒரு 'ஏ' சேர்க்க வேண்டும். அதற்கு 18,000. கட்டினோம். புதுப் பெயரோடு மறுபடி போனபோது, அதே தேதிகளுக்கு அவரே இன்னொரு தாளில் கணக்குப் போட்டார். இந்த முறை எல்லா இலக்கங்களையும் வரிசையாகக் கூட்டினார். எனக்கு 38 வந்தது; 3+8=11. "11 மாஸ்டர் எண், அதை 2 ஆக்கக் கூடாது. நீங்க வழிகாட்டுவீங்க, 4 உழைக்கும். அருமையான ஜோடி!"

வீட்டுக்கு வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மாற்றியது கம்பெனிப் பெயரை. விதி எண்ணோ பிறந்த தேதியிலிருந்து வருவது. பொருத்தம் எப்படி மாறும்?

அப்புறம் விசாரித்தேன். இரண்டு முறையுமே புழக்கத்தில் உள்ளவைதானாம். எப்படிக் கூட்டினாலும் கடைசி ஒற்றை இலக்கம் மாறாது. வழியில் 11, 22, 33 வந்தால் நிறுத்துவதா, 2, 4, 6 ஆக்குவதா என்பதில்தான் வித்தியாசம். அதனால் 2, 4, 6 என்று விடை வருபவர்களில் சிலரை வேண்டும்போது மாஸ்டர் எண் ஆக்கலாம், வேண்டாதபோது இறக்கலாம். போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே எந்த முறை என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கூத்து. நண்பரின் 3-5-1985 பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட தேதி. அவர் அம்மாவைக் கேட்டால் "ஐப்பசி மழையில பொறந்தவன்" என்கிறார். நிஜத் தேதியா, சர்டிபிகேட் தேதியா என்று ஜோதிடர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நம்பிக்கை இல்லாதவங்களுக்குப் பலிக்காது" என்று வைத்துவிட்டார். பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம். கூடுதல் 'ஏ' போட்டு அச்சடித்த லெட்டர்பேடில் இப்போது என் மகன் வீட்டுக்கணக்குப் போடுகிறான்.