பதுளைக்குப் போனால் லக்கினம் மாறும் என்று சொன்னார்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். "ஊர் மாறினால் உங்கள் ஜாதகத்தின் கோணங்கள் மாறும், எந்த ஊர் என்று நான் சொல்கிறேன்" என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு எப்படி நடந்தது, அவர் அனுப்புகிற ஜாதக பிடிஎப்பில் எங்கே பார்த்தால் பிழை பிடிபடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆளின் பெயர் வேண்டாம். முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

2024 ஆவணியில் ஹட்டன் டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்று வருஷம் அதே சம்பளம், எனக்குப் பிறகு வந்தவன் மேனேஜர் ஆகிவிட்டான். அந்த நேரத்தில்தான் சிநேகிதன் ஒருவன் இவருடைய வட்ஸ்அப் இலக்கத்தைக் கொடுத்தான். நுவரெலியாவில் ஒரு மாடி அறையில் நேரில் பார்த்தேன். மேசையில் லப்டொப், சுவரில் உலக வரைபடம், அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் கலர் கோடுகள். பேச்சு நன்றாக இருந்தது. 12,500 ரூபா கேட்டார். அம்மாவின் சீட்டுக் காசில் கொடுத்தேன்.

இந்த வித்தை இவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1970களில் ஜிம் லூயிஸ் என்ற அமெரிக்க ஜோதிடர் பரப்பியது. நீங்கள் பிறந்த அந்த நொடியில் உலகத்தில் எந்தெந்த இடத்தில் ஒரு கிரகம் உதித்துக்கொண்டிருந்தது, எங்கே உச்சியில் நின்றது, எங்கே மறைந்தது, எங்கே நேர் கீழே கிடந்தது என்று பார்த்துக் கோடு போடுவார்கள். இந்த நான்கும்தான் கோணங்கள். குரு உதிக்கும் கோட்டில் போய் வாழ்ந்தால் குருவின் பலன் கூடும், சனி கோட்டில் இருந்தால் பாரம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் சொல்ல வந்தது கணக்கைப் பற்றி.

எனக்கு வந்த பிடிஎப்பில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. முதலாவது ஹட்டனுக்கு: மேஷ லக்கினம், குரு இரண்டாம் இடத்தில். நான் பிறந்தபோது வீட்டில் எழுதி வைத்த ஜாதகத்திலும் மேஷம்தான், அதனால் ஆள் சரியானவர் என்று நம்பிவிட்டேன். இரண்டாவது பதுளைக்கு: ரிஷப லக்கினம், குரு லக்கினத்திலேயே. "பாருங்க தம்பி, நீங்க பதுளைக்குப் போனா குரு உங்க தலை மேல வந்து உக்காருறார். இங்கே இருந்தா இப்படியேதான்" என்றார். கூடவே ஒரு உலக வரைபடம். அதில் குருவின் கோடு என்று காட்டியதை பேனாவால் தடிப்பாக்கி இருந்தார், அது இலங்கையை விட அகலம்.

நான் கடையை விட்டேன். பதுளையில் அறை பார்த்து 30,000 முற்பணம் கட்டினேன். அம்மா, "லயத்த விட்டுப் போறதுனா போ, ஆனா கோட்டுக்காகவா போற?" என்று மட்டும் கேட்டாள்.

பதுளையில் மூன்று மாதம் வேலை தேடி அலைந்துவிட்டு ஊருக்கு வந்தபோது, தலவாக்கலையில் ஜாதகம் எழுதுகிற வயசான ஐயா ஒருவரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். ஐயா பிடிஎப்பைப் பார்க்கவில்லை, முதலில் என்னைக் கேட்டார்.

"எந்த வருஷம் தம்பி?"

"2001, மார்ச் 14. காலையில 10.20. ஹட்டன்ல."

"அப்ப பழைய மணிக்கு 9.50. அரை மணி கழிக்கணும். பதுளைக்குப் போட்டவர் கழிச்சாரா?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. நம் நாட்டு மணி எப்போதும் இன்றைய மணியாக இருக்கவில்லை. 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன் என்று ஆக்கினார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் ஆறு மணிக்குக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. (அந்தக் காலத்தில் புலிகளின் பகுதியில் பழைய மணியையே வைத்திருந்தார்கள், வடக்கில் பிறந்தவர்கள் அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.) ஆகவே 2001இல் கடிகாரம் காட்டிய 10.20 என்பது கிரீன்விச்சில் 4.20. இன்றைய ஐந்தரை மணியை வைத்துக் கழித்தால் 4.50 வரும். பிறந்த நேரமே அரை மணி தவறிப்போகிறது.

வீட்டுக்கு வந்து பிடிஎப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஹட்டன் சக்கரத்தில் +06:00. பதுளை சக்கரத்தில் +05:30. அதுதான் எல்லாம். ஒன்றில் மென்பொருள் தானாகச் சரியாகப் போட்டிருக்கிறது, மற்றதில் கையால் தட்டியிருக்கிறார். தெரியாமல் தட்டினாரா தெரிந்தே தட்டினாரா என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால் தெரியாமல் என்று சொல்ல மனம் வரவில்லை.

பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிஷம் எடுக்கும். ஹட்டனுக்கும் பதுளைக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் அரைப் பாகைக்கும் கொஞ்சம் குறைவு, அதாவது இரண்டு நிமிஷம்கூட இல்லை. ரயிலில் போனால் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று சுற்றிச் சுற்றி நாள் முழுக்கப் போவது மாதிரி இருக்கும், ஆனால் நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்தான். நம் ராசிக் கணக்கில், லஹிரி அயனாம்சத்தின்படி, என் லக்கினம் ஹட்டனில் மேஷம் 28 பாகை சொச்சம். பதுளைக்குச் சரியாகப் போட்டால் கிட்டத்தட்ட அரைப் பாகைதான் நகர்கிறது, 29ஐக்கூடத் தொடவில்லை. மேஷம் மேஷமேதான். அரை மணி தவறினால்தான் ஏழரைப் பாகை நகர்ந்து ரிஷபம் 6க்கு வருகிறது. அந்த ஏழரைப் பாகையை ஊர்க்கணக்கில் பார்த்தால் 800 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, வங்காள விரிகுடாவுக்கு நடுவில். எனக்குப் பதுளை என்று கொடுத்த லக்கினத்தைப் பெற நான் கப்பலில்தான் குடியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் 10.20 என்று எழுதினது நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. அது 10.18ஆக இருக்கலாம், 10.22ஆக இருக்கலாம். அந்த இரண்டு நிமிஷமே ஹட்டனிலிருந்து பதுளைக்குப் போகிற அளவு. பிறந்த நேரத்தில் இருக்கிற சந்தேகத்தைவிடச் சின்ன இடமாற்றத்துக்கு யாராவது காசு கேட்டால் யோசியுங்கள். இந்த முறையை நம்பிச் செய்கிறவர்களே கோட்டிலிருந்து சில நூறு கிலோமீட்டர் வரை பலன் உண்டு என்பார்கள். இலங்கையின் அகலமே சுமார் 225 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் ஹட்டன், பதுளை, கொழும்பு எல்லாம் ஒரே கோட்டின் நிழல்தான்.

சரியான நேரத்தில் கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். astro.com தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். என் குரு உதயக் கோடு கிட்டத்தட்ட நிகோபார் தீவுகள் பக்கமாகப் போகிறது. அதற்கு முன்னால், ஹட்டனிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் கிழக்கே, கடலில் ஒரு கோடு இருக்கிறது. அது சனியின் உதயக் கோடு. அதாவது கிழக்கே பதுளைக்குப் போனதால் நான் குருவைக் கொஞ்சமும் தொடவில்லை, சனியிடம் 50 கிலோமீட்டர் நெருங்கிப் போனேன். அவருடைய பிழையான சக்கரத்திலும் ரிஷபத்தில் குருவோடு சனியும் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தளத்தில் பார்க்கும்போது லக்கினம் ரிஷபம் 22 என்று வந்தால் பயப்படாதீர்கள். அது மேல்நாட்டு ராசிக் கணக்கு, நம் கணக்குக்கு ஏறத்தாழ 24 பாகை கழிக்க வேண்டும். கோடுகள் போகிற இடம் இரண்டிலும் ஒன்றுதான், அது அடிவானத்தையும் உச்சியையும் வைத்துப் போடுவது. இவர் ராசியைச் சொல்லிச் சொல்லிக் குழப்பியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து ஊர்மாற்றச் சக்கரம் வாங்கியிருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். பிறந்த ஊர்ச் சக்கரம், புது ஊர்ச் சக்கரம் இரண்டிலும் சந்திரன் நிற்கிற பாகையும், பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஊர் மாறினால் லக்கினமும் பாவங்கள் என்கிற பன்னிரண்டு வீடுகளும்தான் நகரும், கிரகம் நகராது. சந்திரன் ஒரு மணிக்கு அரைப் பாகை ஓடும், அதனால் நேரத்தில் அரை மணி பிழைத்தாலே கால் பாகை தள்ளி நிற்கும். என் பிடிஎப்பில் அப்படித்தான் நின்றது. தோஹாவில் வேலைக்குப் போகிற என் மச்சானுக்கு இவர் போட்டதில் இன்னும் மோசம்: பிறந்த நேரத்தைத் தோஹா மணியாகவே தட்டியிருக்கிறார், மூன்று மணி நேரம் தள்ளி, சந்திரன் ஒன்றரைப் பாகை போயே விட்டது. அது மச்சானின் ஜாதகமே இல்லை, அதே நாளில் பிறந்த வேறு யாரோ ஒருவருடையது.

இரண்டு வரிகளையும் சிவப்பால் வட்டமிட்டு அவருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அரை மணி கழித்து, "பிரபஞ்சத்துக்கு டைம்சோன் கிடையாது தம்பி. இடமாற்றப் பரிகாரம் ஒன்று இருக்கு, 20,000" என்று பதில் வந்தது. காசைத் திருப்பிக் கேட்டேன், புளொக் செய்துவிட்டார். ரசீது என்று ஒன்றும் தரவில்லை, பேங்க் ஸ்லிப் மட்டும் கையில் இருக்கிறது.

அறை கொடுத்த அக்கா நல்ல மனுஷி, முற்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். பழைய கடையில் என் இடத்துக்கு வேறு பையன் வந்துவிட்டான், இப்போது கொட்டகலையில் ஒரு கடையில் நிற்கிறேன். போன கிழமை அங்கே போனுக்கு ரீலோட் போட வந்த பையன், "அண்ணே, இது ஒரிஜினல் ஜாதகமானு பாருங்க" என்று ஒரு பிடிஎப்பைக் காட்டினான். 1999இல் பிறந்தவன். முதல் பக்கத்தில் +06:00, இரண்டாம் பக்கத்தில் +05:30, கீழே பேனாவால் தடிப்பாக்கிய அதே கோடு. அவனுக்குச் சொன்ன ஊரும் பதுளைதான்.