பவர் சரி, கண்ணாடி தவறு: இலவச லென்ஸ் ஆஃபரில் விடுபட்ட ஓர் அளவு

பரிசோதனை இலவசம், பிரேம் வாங்கினால் லென்ஸும் இலவசம் என்ற ஆஃபரில் கண்ணாடி வாங்கி, பத்து நாட்கள் தலைவலியோடு அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். அந்தக் கடையில் யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வரவேற்ற பெண் ஆஃபரை மனப்பாடமாக, ஆனால் மிகத் தெளிவாக விளக்கினார். முதலில் கம்ப்யூட்டர் பரிசோதனை, அடுத்து எழுத்துப் பலகையைப் படித்துப் பவரை உறுதி செய்வது, பிறகு பிரேம் தேர்வு, கடைசியாக லென்ஸ் வகையும் அதன் மேற்பூச்சும் என்று வரிசை தவறாமல் சொன்னார். ஒவ்வொன்றையும் சொன்னபடியே செய்தார்கள். பவருக்கும் லென்ஸுக்கும் நடுவே எடுத்தாக வேண்டிய ஓர் அளவு மட்டும் அந்த விளக்கத்தில் இல்லை. அது இல்லாததைக் கவனிக்க எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு இரண்டு கண்களிலும் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 5. சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் இல்லை. கடையில் வந்த பவரும் அதேதான். ஆஃபரில் அடங்கிய பிரேம்கள் பெரும்பாலும் அகலமானவை. நான் எடுத்ததன் காம்பின் உட்புறத்தில் 56, 18 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்கின் மேல் வரும் இடைவெளி, இரண்டும் மில்லிமீட்டரில். மூன்றாவதாக ஓர் எண் இருந்தால் அது காம்பின் நீளம். வாங்கும்போது இந்த எண்களை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது சார்” என்றார்கள், அதுவும் உண்மையே.

கண்ணாடியை அணிந்த முதல் நாள் மாலையிலேயே இரு கண்களையும் யாரோ பக்கவாட்டில் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் நெற்றி வலி நிலைத்துவிட்டது. களைத்துப்போன நேரத்தில் தூரத்து விளக்குகள் நொடிப்பொழுது இரண்டாகப் பிரிந்து சேர்ந்தன. கடைக்குச் சென்றேன். லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, “பவர் சரியாகத்தான் இருக்கிறது, புதுக் கண்ணாடி என்பதால் ஒரு வாரம் பழக வேண்டும்” என்று அனுப்பிவிட்டார்கள். பவர் மாறினாலோ, புதிதாகச் சிலிண்டர் சேர்ந்தாலோ பழகச் சில நாட்கள் ஆவது உண்டுதான். ஆனால் எனக்குப் பழைய கண்ணாடியிலும் இதே பவர், பழகுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை. அந்தக் கேள்வியை அங்கேயே கேட்காமல் வந்தது என் தவறு.

பிறகு வேறோர் இடத்தில் கண் பரிசோதகர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை அணிந்தபடி ஒரு கண்ணைக் கையால் மூடச் சொன்னார். எழுத்துகள் தெளிவாக இருந்தன, இழுப்பும் இல்லை. மறு கண்ணை மூடினேன், அப்போதும் அப்படியே. இரண்டையும் திறந்தவுடன் இழுப்பு திரும்பியது. தனித்தனியே தெளிவாகப் பார்க்கும் கண்கள் சேர்ந்து பார்க்கும்போது மட்டும் வலித்தால், கண்களின் ஒருங்கிணைப்பில் ஏற்கெனவே குறை இருக்கலாம், அல்லது லென்ஸ்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம் என்றார். பழைய கண்ணாடியில் தொந்தரவு இல்லாததால் முதலில் லென்ஸை அளந்தார்.

லென்ஸுக்கு ஒளிமையம் என்று ஒரு புள்ளி உண்டு. அது கண்பாவைக்கு நேரே இருக்க வேண்டும். ஆகவே தூரத்தைப் பார்க்கும்போது இரு பாவைகளின் நடுவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதன்படியே லென்ஸை வெட்ட வேண்டும். கடைகளில் பி.டி. என்று சொல்லும் அளவு இதுதான். எனக்கு அது 62 மில்லிமீட்டர். கடையில் செய்த கண்ணாடியில் ஒளிமையங்களுக்கு இடையே 70 இருந்தது, அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் 4 மில்லிமீட்டர் வெளியே. மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் லென்ஸ், ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் பட்டகமாகவும் வேலை செய்யும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பட்டக அளவு கிடைக்கும். 0.4ஐ 5ஆல் பெருக்கினால் ஒரு கண்ணுக்கு 2, இரண்டுக்கும் சேர்த்து 4. மைனஸ் லென்ஸில் மையங்கள் வெளியே தள்ளியிருந்தால், காட்சி ஒன்றாகத் தெரிய வேண்டுமானால் கண்கள் வெளிப்புறமாக விலகியாக வேண்டும். கண்களுக்கு உள்நோக்கிக் குவிவது எளிது, வெளிநோக்கி விலகுவது கடினம். நாள் முழுவதும் என் கண்கள் செய்துகொண்டிருந்தது அந்தக் கடினமான வேலையைத்தான். மைனஸ் 1 பவர் உள்ளவருக்கு இதே 8 மில்லிமீட்டர் பிழை மொத்தம் 0.8 பட்டகமே தரும், அவர் பெரும்பாலும் உணரவே மாட்டார். அந்தக் கடையில் எல்லோரும் ஏன் சண்டை போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஏன் 70? 56ஐயும் 18ஐயும் கூட்டினால் 74. பிரேமின் இரு வட்டங்களின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம் அது. எனக்கு 62 என்பதால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும். அப்படி நகர்த்தினால் லென்ஸின் வெளிப்புற ஓரம் பிரேமுக்குப் போதாமல் போகும், ஆகவே பெரிய விட்டமுள்ள லென்ஸ் தேவை. இலவசமாகக் கொடுப்பது முன்பே தயாராகிக் கையிருப்பில் உள்ள லென்ஸ், என்னுடையது 65 மில்லிமீட்டர் விட்டம். அந்தப் பிரேமின் மிக நீளமான குறுக்களவோ 60. மிச்சமுள்ள இடத்தில், ஓரச் சேதத்துக்குக் கொஞ்சம் விட்டதுபோக, 2 மில்லிமீட்டர்தான் நகர்த்த முடியும். பக்கத்துக்கு 2 என்றால் 74 குறைந்து 70 ஆகிறது, பரிசோதகர் அளந்ததும் அதுவே. பி.டி.யை எடுத்திருந்தால், இந்தப் பிரேமுக்கு இந்த லென்ஸ் பொருந்தாது என்று ஆர்டர் எழுதும்போதே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை, கிடைத்த இடத்தில் பொருத்திவிட்டார்கள்.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சிலிண்டர் இல்லாத, அல்லது மிகக் குறைந்த, ஒற்றைப் பார்வைக் கண்ணாடிக்கு இது ஒத்துவரும். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே உள்ள கதவின் செங்குத்து விளிம்பை ஒரு லென்ஸ் வழியே பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடு, மேலும் கீழும் வெளியே தெரியும் கோட்டிலிருந்து முறிந்து நிற்கும். கண்ணாடியைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள், முறிவு மறைந்து கோடு ஒன்றாகும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். மறு லென்ஸிலும் அப்படியே செய்து, இரு புள்ளிகளுக்கும் இடையே அடிக்கோலால் அளந்து, உங்கள் பி.டி.யோடு ஒப்பிடலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கைப்பிழை வரும், என் கண்ணாடியில் இருந்ததுபோல் 8 வித்தியாசம் வந்தால் அது கைப்பிழை அல்ல. பவர் குறைவாக இருந்தால் முறிவும் மங்கலாகத்தான் தெரியும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரெசிவ் கண்ணாடிக்கு இந்த முறை ஆகாது, அதில் மைய உயரத்தையும் சேர்த்துக் குறித்தாக வேண்டும்.

அளவுகள் எழுதிய தாளோடு மீண்டும் கடைக்குச் சென்றேன். பொறுப்பாளர் முதலில் ஆஃபர் லென்ஸுக்கு மாற்றம் கிடையாது என்றார். ஆர்டர் சீட்டில் பி.டி.க்கான கட்டம் காலியாக இருந்ததைக் காட்டினேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிரேமை மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். இப்போது நான் அணிந்திருப்பது 48, 18 பிரேம். லென்ஸின் ஓரத் தடிமனும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் 62 என்று எழுதிய பிறகே நான் கையெழுத்துப் போட்டேன்.