எட்டு கிணறு, ஒரே சராசரி: பட்டையா, பெட்டியா, புள்ளியா?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்தவை. திருவான்மியூர்ப் பக்கம் இரண்டு பகுதிகளில், பகுதிக்கு எட்டு போர்வெல் வீதம் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, அளக்கப்படுகிறது, லிட்டருக்கு மில்லிகிராமில்.

முதல் பகுதி: 820, 850, 880, 890, 910, 930, 950, 970.
இரண்டாவது: 480, 520, 540, 580, 1190, 1250, 1300, 1340.

இரண்டுக்கும் சராசரி சரியாக 900.

ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயத்தில் வழக்கமாக வருவது பட்டை வரைபடம்தான். இங்கே வரைந்தால் ஒரே உயரத்தில் இரண்டு பட்டை நிற்கும். இரண்டாவது பகுதியில் 900-க்குப் பக்கத்தில் ஒரு கிணறுகூட இல்லை என்பது படத்தில் எங்கும் தெரியாது. பட்டையின் உச்சியிலிருந்து மேலும் கீழும் நீளும் பிழைக்கோடு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். எந்தப் பிழைக்கோடு? இரண்டாவது பகுதியின் திட்டவிலக்கம் 399. அதை 8-இன் வர்க்கமூலத்தால் வகுத்த திட்டப்பிழை 141. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்றால் இரு பக்கமும் 333. ஒரே தரவுக்கு மூன்று நீளம். மூன்றில் மிகக் குட்டையாக, பார்க்க அழகாக இருப்பது திட்டப்பிழை. அதனாலேயே பலர் அதைப் போட்டுவிட்டு, எது என்று படத்தலைப்பில் எழுதாமல் விடுகிறார்கள். படிப்பவர் அதைத் தரவின் பரவல் என்று எடுத்துக்கொள்வார். கிணறுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்ட வேண்டுமானால் திட்டவிலக்கம். சராசரி எவ்வளவு உறுதியானது என்று காட்ட வேண்டுமானால் நம்பிக்கை இடைவெளி. எதுவானாலும் பெயரையும் எத்தனை கிணறு என்பதையும் படத்தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

பாக்ஸ் பிளாட் இதைவிட மேல்: தரவின் நடுப்பாதியைப் பெட்டியாகவும், இடைநிலையைக் கோடாகவும், இரண்டு ஓரங்களை மீசையாகவும் வரைவது அது. இரண்டாவது பகுதிக்குப் பெட்டி சுமார் 530 முதல் 1,270 வரை நீளும், பரவல் அதிகம் என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் இடைநிலைக் கோடு 885-இல் விழும், அங்கும் கிணறு கிடையாது. தரவு இரண்டு கும்பலாகப் பிரிந்திருப்பதைப் பெட்டி மூடிவிடுகிறது. எட்டு எண்ணை ஐந்து எண்ணாகச் சுருக்கி என்ன லாபம்?

எட்டையும் எட்டு புள்ளிகளாகவே வைத்துவிடலாம். நான்கு கீழே, நான்கு மேலே, நடுவில் வெற்றிடம். அப்போதுதான் அடுத்த கேள்வி வரும்: மேலே நிற்கும் நான்கும் கடலோரக் கிணறுகளா, அல்லது ஆழம் கூடியவையா? புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் சிதறவிடலாம். மேல்கீழாகச் சிதறினால் அளவே மாறிவிடும். கிணறுகள் இருநூறு என்றால் புள்ளிகள் குவிந்துவிடும். அங்கே அளவைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை கிணறு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் நல்லது, ஆனால் கட்ட அகலத்தை மாற்றி இரண்டு மூன்று முறை வரைந்து பார்த்து, வடிவம் நிலைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு.

இரண்டாவது பகுதியின் அதே எட்டு கிணற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செப்டம்பரிலும், முடிந்து ஜனவரியிலும் அளந்தால் கதை வேறு. ஏழு கிணற்றில் 100 குறைந்து, ஒன்றில் 300 கூடினால் சராசரி 900-இலிருந்து 850 ஆகும். இரண்டு பட்டையும் நானூறை ஒட்டிய நீளத்தில் திட்டவிலக்கப் பிழைக்கோடும் போட்டால் ஒன்றும் மாறவில்லை என்றுதான் தோன்றும். ஒவ்வொரு கிணற்றின் செப்டம்பர் புள்ளியையும் ஜனவரி புள்ளியையும் கோடிட்டு இணைத்தால் ஏழு கோடு இறங்கும், ஒன்று ஏறும். அந்த ஒன்றைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கேயே எதிர்த்திசைப் பித்தலாட்டமும் நடக்கும். செங்குத்து அச்சை 800-இல் தொடங்கினால் 900-க்கான பட்டை 100 அலகு, 850-க்கானது 50. ஆறு சதவீதம்கூட இல்லாத குறைவு பாதியாகத் தெரியும். பட்டையில் கண் படிப்பது நீளத்தை. அதனால் அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும். கோட்டிலும் புள்ளியிலும் கண் படிப்பது இடத்தையும் சரிவையும். அங்கே 800-இல் தொடங்குவது தவறில்லை, அச்சில் எண்கள் தெளிவாக இருந்தால் போதும்.

மாதாமாதம் அளந்த தரவுக்குக் கோட்டு வரைபடம் பொருத்தம். வெள்ளத்தால் டிசம்பரில் அளக்க முடியவில்லை என்றால், மென்பொருள் நவம்பரையும் ஜனவரியையும் நேர்கோட்டால் சேர்த்துவிடும், டிசம்பரில் அளந்த மாதிரி. பைதானின் பாண்டாஸ் நூலகத்தில், s என்பது தேதியைக் குறியீடாகக் கொண்ட தொடராகவும் தேதிகள் மாதத்தின் முதல் நாளாகவும் இருந்தால் இப்படி இடைவெளி விடலாம்:

```python
s = s.asfreq("MS")
s.plot(marker="o")
```

விட்டுப்போன மாதம் வெற்றாக நிற்கும், கோடு அங்கே உடையும்.

மழையளவையும் டிடிஎஸ்ஸையும் இடது வலது என்று இரண்டு அச்சில் ஒரே படத்தில் போடுவதைத் தவிர்க்கலாம். அளவுகோலை நகர்த்தினால் இரண்டு கோடும் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளும். மேலே மழைக்குப் பட்டை, கீழே டிடிஎஸ்ஸுக்குக் கோடு என்று இரண்டு படமாக, கிடைமட்டத்தில் ஒரே மாத அச்சோடு அடுக்கினால், மழைக்குப் பின் எத்தனை மாதம் கழித்து டிடிஎஸ் இறங்குகிறது என்பதை விரலால் எண்ணிவிடலாம்.