படுத்தால் தொடங்கும் தலை அரிப்பு: கீட்டோகோனசோல் ஷாம்புவுடன் ஒன்றரை வருடம்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "பகல்ல ஒண்ணும் தெரியல. படுத்தா தலை அரிச்சுத் தள்ளுது. நீ போடுற ஷாம்பு கேக்குமா?" கேட்கும்தான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்த மனம் வரவில்லை.

எனக்கும் விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் பிடரியில் தொடங்கும், அப்புறம் காதுக்குப் பின்னால் ஏறும். காலையில் நகக்கண்ணில் மஞ்சளாகப் பிசுபிசுத்த செதில் ஒட்டியிருக்கும். பேனாக இருக்குமோ என்று ஈரத் தலையைப் பேன் சீப்பால் வகிடு வகிடாக வாரினேன். பேனும் இல்லை, ஈரும் இல்லை. தோல் மருத்துவர் எண்ணெய்ப் பசைப் பொடுகு என்றார். எல்லார் தலையிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை, தோலின் எண்ணெயைத் தின்று பெருகுகிறது. அதன் கழிவு சிலர் தோலை உறுத்துகிறது. இரவில் தோல் சூடேறும், தோலிலிருந்து ஈரம் கூடுதலாக வெளியேறும், அழற்சியை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறையும். கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இருக்காது. அதனால்தான் படுக்கையில் அது பெரிதாகிறது.

அந்தப் பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் போடச் சொன்னார். இரண்டு மாதம் போட்டும் பலனில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பு என்னுடையது. நுரை வந்ததும் அலசிவிடுவேன். அது முடியில் அல்ல, தோலில் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். அதற்கப்புறம் முடியைப் பிரித்துப் பிரித்து விரல் நுனியால் தேய்த்து, கடிகாரம் பார்த்து நின்றேன். கூடவே இரவில் எண்ணெய் வைப்பதையும், ஈரத் தலையோடு படுப்பதையும் விட்டேன். மூன்றாம் வாரம், நடுவில் விழிக்காமல் ஒரு முழு இரவு தூங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. முடி வைக்கோல்போல் ஆகிறது. நுனியில் மட்டும் கண்டிஷனர் போட்டுச் சமாளிக்கிறேன். அதைவிட எரிச்சல், நிறுத்தினால் ஒரு மாதத்தில் அரிப்பு திரும்பிவிடுகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தோழியிடம் ஒன்று கேட்டேன்: சாயம் ஏதும் அடித்தாயா? சாயம் அடித்த ஓரிரு நாளில் தொடங்கினால் அது ஒவ்வாமை, இந்த ஷாம்பு அதற்கு உதவாது. முடியின் எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வரும் தடித்த வெள்ளிச் செதில் சொரியாசிஸாக இருக்கலாம். வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் முதலில் பேன் சீப்பு. நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாவிட்டாலோ, முடி திட்டாக உதிர்ந்தாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

ஒன்றரை வருடத் தூக்கத்தை இது எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இருந்தும் இன்று அலசிவிட்டு வந்து, சிக்கெடுக்கையில் சீப்போடு வந்த முடியைப் பார்க்கும்போது ஐந்துக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனமில்லை.