தானமுட்டையா, தான விந்தணுவா: எதில் காத்திருக்கலாம், எதில் காத்திருக்கக் கூடாது

கருத்தரிப்பு மையத்தில் "டோனருக்குப் போயிடலாம்" என்று சொன்னால், கேட்கப்படுவது முட்டையா விந்தணுவா என்பதைப் பொறுத்து அவசரம் தலைகீழாக மாறுகிறது. தானமுட்டை என்றால் கருவுக்குக் கிடைப்பது கொடையாளரின் வயது. இந்தியச் சட்டப்படி அவர் 23 முதல் 35 வயதுக்குள் இருப்பவர். ஆகவே பெறுகிற பெண் 36 வயதில் தொடங்கினாலும் 39-ல் தொடங்கினாலும், கர்ப்பப்பை நன்றாக இருந்தால், வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை. தான விந்தணுவில் முட்டை மனைவியுடையது. கணவருக்கு இன்னொரு அறுவை சிகிச்சை, இன்னும் ஆறு மாத மாத்திரை என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மனைவியின் முட்டைக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

எனவே தானமுட்டையை ஏற்கும் முன் சொந்த முட்டைக்கு முழு வாய்ப்பையும் கொடுங்கள், தான விந்தணு பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் கருத்து. இரண்டுக்கும் விலக்குகள் உண்டு.

முதலில் முட்டை. தானமுட்டை உண்மையிலேயே தேவைப்படுவோர் இவர்கள்: 40 வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழந்தவர்கள், எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாத அல்லது குறைந்த டர்னர் குறைபாடு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ அறுவையிலோ சினைப்பையை இழந்தவர்கள், 43, 44 வயதைக் கடந்தவர்கள், பல ஐ.வி.எஃப். சுற்றுகளில் கருவின் தரத்தாலேயே தோற்றவர்கள். இவர்களில் பெரும்பாலோரைச் சொந்த முட்டையில் இன்னும் முயலச் சொல்வது பணத்தையும் உடலையும் வீணடிக்கும்.

ஆனால் நடைமுறையில் தானமுட்டையைச் சீக்கிரமே பரிந்துரைத்துவிடுவது வேறொரு கூட்டத்துக்கு. முப்பது, முப்பத்திரண்டு வயதில் இரத்தப் பரிசோதனையில் ஏ.எம்.எச். ஹார்மோன் குறைந்திருக்கும் பெண்களுக்கு. ஏ.எம்.எச். சொல்வது சினைப்பையில் எத்தனை முட்டை மிச்சம், முட்டை வளர்க்கும் ஊசி போட்டால் எத்தனை கிடைக்கும் என்பதை மட்டும்தான். முட்டையின் தரத்தை அது சொல்லாது. தரம் பெரும்பாலும் வயதோடு போகிறது. 35 வயதுப் பெண்ணின் ஐந்தாம் நாள் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு சரியான குரோமோசோம் எண்ணிக்கையோடு இருக்கும். 44 வயதில் அது பத்தில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடும். முட்டை குறைந்த 33 வயதுக்காரரும் முட்டை நிறைந்த 43 வயதுக்காரரும் ஒன்றல்ல. முன்னவரின் நிலைமை மேல்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். மனைவிக்கு 34 வயது, ஏ.எம்.எச். 0.6, மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, ஸ்கேனில் இரு பக்கமும் சேர்த்து ஐந்து சிறு முட்டைப்பைகள் தெரிகின்றன, கணவரின் விந்துப் பரிசோதனை சரியாக இருக்கிறது. ஒரு சுற்றில் இவருக்கு மூன்று நான்கு முட்டை கிடைக்கலாம். அதில் ஒரு நல்ல கரு தேறலாம், ஒன்றும் தேறாமலும் போகலாம். ஒரே சுற்றில் முடிவு பார்க்காமல், இரண்டு மூன்று சுற்றுகளில் கிடைக்கும் கருக்களை உறையவைத்துச் சேர்த்துக்கொண்டு பிறகு கர்ப்பப்பையில் வைப்பது இவருக்குப் பொருந்தும் வழி. எதுவுமே தேறவில்லை என்றால் தானமுட்டை அப்போதும் இருக்கும். சட்டம் பெண்ணுக்கு 50 வயது வரை இடம் தருகிறது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். நான்கு வார இடைவெளியில் இரண்டு முறையும் 25-க்கு மேல் இருந்து, மாதவிடாயும் மாதக்கணக்கில் நின்றிருந்தால் கதை வேறு. அங்கே ஊசிக்குச் சினைப்பை அசைவது அரிது.

தானமுட்டைக்குப் போவதென்றே முடிவானால், அதிகம் பேசப்படாத ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முட்டை தரலாம், அப்போதும் ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய முட்டை ஒரே தம்பதிக்குத்தான். ஏழில் முதிர்ந்தவை ஐந்தாறு இருக்கும். உறையவைத்து உருக்கினால் ஒன்று போகலாம். மிச்சத்தில் கருவாவது மூன்று நான்கு, ஐந்தாம் நாள் வரை வளர்வது ஒன்று இரண்டு. தானமுட்டைக் கருவை ஒரு முறை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு சற்றேறக்குறைய பாதி. ஆக, ஒரு கொடையாளரின் முட்டையில் தம்பதிக்குக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு முயற்சிதான். "இருபது முட்டை வரும், ஆறு கரு உறுதி" என்று எந்த மையமாவது சொன்னால், அந்தக் கணக்கு சட்டத்துக்குள் வராது. இரண்டாவது பிள்ளையும் அதே கொடையாளரிடமிருந்து வேண்டுமென்றால், முதல் முறையிலேயே கரு மிஞ்சினால்தான் உண்டு.

கர்ப்பத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. முட்டை தன்னுடையதல்லாத கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து, சொந்த முட்டை ஐ.வி.எஃப்-ஐ விடவும் தெளிவாக அதிகம். அதனால் ஒரு கருவுக்கு மேல் வைக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். இரட்டை என்றால் அந்த ஆபத்து இன்னும் கூடும். 45-ஐ நெருங்குபவர்கள் இதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். டர்னர் உள்ளவர்களுக்கு இதயத்தின் பெருந்தமனி கர்ப்பத்தில் கிழியும் அபாயம் இருப்பதால், எக்கோவும் எம்.ஆர்.ஐ-யும் பார்த்து இதய மருத்துவர் சம்மதிக்காமல் தொடங்கவே கூடாது.

இனி விந்தணு. விந்தில் அணுவே இல்லை என்ற அறிக்கையோடு வருபவர்களுக்கு உடனே டோனர் சொல்வதும் தவறு, ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் தவறு. இரண்டு முறை விந்துப் பரிசோதனை, சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்த அறிக்கை, எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன், விரையின் அளவு, குரோமோசோம் சோதனை, ஒய் குரோமோசோம் விடுபடல் சோதனை ஆகியவை இருந்தால் பாதை தெரிந்துவிடும். குழாய் அடைப்பால் அணு வெளிவரவில்லை என்றால் விரையிலிருந்தே ஊசியால் எடுக்கலாம்; டோனர் தேவையில்லை. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைவென்றால் ஊசி மருந்தில் அணு உற்பத்தி தொடங்கக்கூடும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்களுக்கு, நிறுத்தியபின் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பும்.

விரையே அணு தயாரிக்காத நிலையில்தான் உண்மையான தேர்வு வருகிறது: நுண்ணோக்கி வைத்து விரைக்குள் அணுவைத் தேடும் மைக்ரோ டெசே அறுவையா, தான விந்தணுவா? ஒய் குரோமோசோமில் 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுதாக விடுபட்டிருந்தால் அறுவையில் அணு கிடைக்காது, செய்ய வேண்டாம். 'சி' பகுதி மட்டும் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. மற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. ஆனால் அணு கிடைத்தவர்கள் எல்லோருக்கும் குழந்தை கிடைப்பதில்லை. அறுவைக்குப் போனவர்களில் குழந்தை வரை செல்வோர் பாதியைவிட மிகக் குறைவு.

மனைவிக்கு 29 வயதென்றால் அறுவையை முயன்றுவிட்டுப் பிறகு யோசிக்கலாம். 37 என்றால் ஒரே ஒரு அறுவை, அதற்கும் முன்கூட்டியே நாள் குறித்துவிடுங்கள். அறுவையை முதலில் செய்து, அணு கிடைத்தால் உறையவைத்து, அதன்பின் மனைவிக்கு ஊசி தொடங்குவதே மனநிம்மதி தரும் வரிசை. மிகச் சில அணுக்களே கிடைத்தால் உருக்கும்போது அவை பிழைக்காமல் போகலாம் என்பதால் சில மையங்கள் அறுவையையும் முட்டை எடுப்பதையும் ஒரே நாளில் வைக்க விரும்புகின்றன. அப்படிச் செய்வதானால், அணு கிடைக்காவிட்டால் டோனரா, முட்டையை உறையவைப்பதா என்பதைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும். மனைவியின் முட்டைகளை எடுத்து முடித்த அதே மதியத்தில், மயக்கம் தெளியாத கணவரிடம் டோனர் கையெழுத்து கேட்பது எந்த வீட்டுக்கும் நல்லதல்ல.

தான விந்தணுவின் சிகிச்சை எளிது. கருக்குழாய் திறந்திருந்தால், விந்தணுவை நேரே கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. போதும். மனைவி 35-க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை வாய்ப்பு. மூன்று முதல் ஆறு முறைக்குப் பின்னும் நிற்கவில்லை என்றால் ஐ.வி.எஃப். கொடையாளர் ஒரே தம்பதிக்கு என்ற விதி இங்கும் உண்டு என்றாலும், விந்தணுவைப் பல குப்பிகளாக வாங்கி வைக்க முடியும். இரண்டாவது பிள்ளைக்கும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். பத்தாண்டு வரை சேமிக்கலாம். கொடையாளரும், தன் முட்டையையோ விந்தணுவையோ தரும் துணையும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்திகளா என்ற இரத்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இருவருமே கடத்திகள் என்றால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனையை வங்கி எப்படியும் செய்யும். தலசீமியா சோதனைதான் சில இடங்களில் விடுபடுகிறது.

இரண்டுக்கும் பொதுவான விஷயம், பிள்ளைக்குச் சொல்வதா என்பது. சட்டப்படி பிறக்கும் குழந்தை தம்பதியின் சொந்தக் குழந்தை. கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது. அதனால் மறைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்பா அம்மா இருவரும் 'ஓ' வகை, மகளுக்கு 'ஏ' என்று பள்ளி இரத்தப் பரிசோதனையில் வந்தால் உயிரியல் படிக்கும் பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிடும். டி.என்.ஏ. சோதனை மலிவாகிக்கொண்டிருக்கிறது. கேம்பிரிட்ஜில் சூசன் கோலம்போக் குழு இத்தகைய குடும்பங்களை பிள்ளைகளின் 20 வயது வரை தொடர்ந்து பார்த்து 2023-ல் வெளியிட்ட முடிவில், ஏழு வயதுக்கு முன்பே தெரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு அம்மாவோடு உறவு இன்னும் நன்றாக இருந்தது. அது பிரிட்டன். நம் கூட்டுக்குடும்பத்தில் இது எப்படிப் போகும் என்பதற்கு அவ்வளவு நீண்ட அனுபவம் இல்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: பிள்ளைக்குச் சொல்லும் எண்ணம் இல்லை என்றால் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சொல்லாதீர்கள். பாகப்பிரிவினைச் சண்டையில் மூன்றாமவர் வாயிலிருந்து கேட்பதுதான் பிள்ளைக்கு மிக மோசம்.

2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதாரை வைத்து முட்டை எடுத்தது வெளிவந்ததை நினைவில் வைத்து, வங்கியின் பதிவு எண்ணையும், முட்டை தருபவருக்காக நீங்கள் எடுத்துத்தர வேண்டிய 12 மாதக் காப்பீட்டின் ரசீதையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். கொடையாளரின் இரத்த வகை, உயரம், நோய் வரலாறு, சோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலை வாங்கிப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்துக் குழந்தை மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது இருக்கா?" என்று கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் பதில் சொல்லும்.