சாம்பிள் ஒன்று, மூட்டையில் வந்தது வேறு: மொத்த விலைக்கு வாங்கி ஆன்லைனில் விற்பவர்கள் கவனத்துக்கு

மொத்த மார்க்கெட்டில் டீ-ஷர்ட் எடுத்து ஆன்லைன் தளங்களில் விற்பவர்களும், இனி ஆரம்பிக்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். முதல் லாட்டை நல்ல சரக்காகக் கொடுத்து, ரிட்டர்ன் கணக்கு கைக்கு வருவதற்குள் பெரிய லாட்டைத் தலையில் கட்டிவிடும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் சரக்கு எடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். நடந்த விதம் தெரிந்தால் போதும்.

முதலில் எடுத்தது சின்ன லாட். துணி கனமாக இருந்தது, தையல் சுத்தம், அளவு சரி. தளத்தில் பட்டியல் போட்டதும் ஆர்டர் வர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் அவரிடமிருந்து போன். "தம்பி, நூல் விலை ஏறுது, அடுத்த லாட் இந்த விலைக்கு வராது. இப்பவே எடுத்தா பழைய விலைக்கே போட்டுத் தர்றேன்." அதே மாடல்தானா என்று கேட்டேன். "அதே பீஸ்தான், கண்ணை மூடிட்டு எடுங்க" என்றார். பேல் மூட்டை வந்தது. மேலே இருந்த பீஸ்களைப் பிரித்துப் பார்த்தேன், முதல் லாட் மாதிரியே இருந்தன. உள்ளே இருந்தவை வேறு.

எப்படி வேறு என்றால், எம் சைஸ் டீ-ஷர்ட்டைத் தரையில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்தால் முதல் லாட்டில் 20 அங்குலம். மூட்டையின் நடுவில் இருந்ததில் அதே எம் லேபிளோடு 19, சிலதில் 18.5. விரித்து அளக்கும்போது ஒன்றரை அங்குலம் குறைந்தால் உடம்பைச் சுற்றி மூன்று அங்குலம் குறைகிறது. அது எம் இல்லை, எஸ். எடையும் காட்டிக் கொடுத்தது. சமையலறைத் தராசில் முதல் லாட் பீஸ் 175 கிராம் பக்கம் நின்றது, இது 150 கூட வரவில்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 180 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்ற இடத்தில் 150 ஜிஎஸ்எம் துணி. கழுத்து லேபிளைத் தைத்த நூலின் நிறம்கூட வேறு. அதாவது வேறு வேறு இடத்தில் தைத்த சரக்கை ஒரே லேபிள் போட்டு, நல்லதை மேலே அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

இது எனக்குத் தெரிய வந்ததே வாடிக்கையாளர்கள் எழுதிய ரிட்டர்ன் காரணங்களால்தான். "பிடிக்கவில்லை" என்று வந்தால் அது எல்லாப் பொருளுக்கும் வருவது. "அளவு சிறியது", "படத்தில் உள்ளது போல் இல்லை" என்ற இரண்டும் ஒரே பட்டியலில் திடீரென்று கூடினால் சரக்கு மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு அம்மா எழுதியிருந்தார்: "போன தடவை வாங்கினது மகனுக்குச் சரியா இருந்தது, அதே சைஸ் இப்ப கையைத் தூக்கினா வயிறு தெரியுது." இதைப் படித்த பிறகுதான் மூட்டையின் அடிவரை பிரித்தேன்.

இதில் எவ்வளவு போகும் என்று பார்க்க, விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 50, தளத்தின் கமிஷன் 12, நிலையான கட்டணமும் கட்டணங்களின் மேல் வரியும் 3, ஷிப்பிங் 15, பேக்கிங் 3. மிச்சம் 17. இந்த 17-ஐப் பார்த்துத்தான் எல்லோரும் சரக்கு எடுக்கிறோம்.

ரிட்டர்ன் வந்தால் அந்த 17 வராமல் போவதோடு நிற்பதில்லை. போன ஷிப்பிங் 15, திரும்பி வரும் ஷிப்பிங் 15, பேக்கிங் 3 என்று 33 கையை விட்டுப் போகிறது. கமிஷனும் நிலையான கட்டணமும் வரியும் பெரும்பாலும் திரும்ப வரும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு; அதிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் தளங்கள் உண்டு, ஒப்பந்தத்தைப் படியுங்கள். வரும் பீஸில் மூன்றில் ஒன்று கசங்கியோ கறையோடோ வந்து, 50 கொடுத்து வாங்கியதை 20-க்குத் தள்ளிவிட வேண்டியிருந்தால், சராசரியாக இன்னும் 10 சேரும். ஆக ஒரு ரிட்டர்னுக்கு 43 நஷ்டம்.

இப்போது 100 பீஸ் அனுப்புங்கள். 10 திரும்பினால், நின்ற 90-இல் 1,530 வரும், 430 போகும், கையில் 1,100. அதே 30 திரும்பினால் 1,190 வரும், 1,290 போகும். 70 பேர் பொருளை வைத்துக்கொண்ட பிறகும் கையிலிருந்து 100 போகிறது. இந்த விலையில் தாங்கும் எல்லை 28 ரிட்டர்ன். சரக்கு எடுக்கும் முன்னால் உங்கள் எண்களைப் போட்டு இந்த எல்லையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். துணியில் அளவுப் பிரச்சினை இருந்தால் அதைத் தொட அதிக நேரம் ஆகாது.

அந்த வியாபாரிக்கு வசதியாக இருந்தது ரிட்டர்ன் தாமதமாக வருவதுதான். ஆர்டர் போய்ச் சேர்ந்து, வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து, திருப்பி அனுப்பி, நம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் 100 அனுப்பினீர்கள், விற்பனை ஏறி மூன்றாவது வாரம் 400 அனுப்பினீர்கள். முதல் வாரத்தில் போனதில் 30 இப்போது திரும்புகிறது. இந்த வார ரிட்டர்னை இந்த வார ஆர்டரால் வகுத்தால் ஏழரை சதவீதம்தான் வரும். உண்மையில் அது 30 சதவீதம். அதனால் எந்த வாரம் அனுப்பிய ஆர்டரோ அந்த வாரத்தின் கீழேயே ரிட்டர்னை எழுதுங்கள், லாட் எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். முதல் லாட்டின் ரிட்டர்ன் காலம் முடியும் முன் "இப்பவே எடுங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும் எடுக்க வேண்டாம்.

திருப்பிக் கேட்கப் போனபோது பில்லைக் காட்டினார். அதில் "டீ-ஷர்ட், கலப்பு சைஸ்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை, கீழே "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று முத்திரை. ஜிஎஸ்எம் இல்லை, அளவு இல்லை. "நான் 180-ன்னு எங்க எழுதிக் கொடுத்தேன்?" என்று கேட்டார். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் கேட்கிற கேள்வி இல்லை இது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் சரக்கு எடுக்கும் இடங்களில் பில்லிலேயே ஜிஎஸ்எம்மும் ஒவ்வொரு சைஸின் மார்பளவும் எழுதச் சொல்கிறேன்; அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்றித் தருவதாக ஒரு வரியும் சேர்த்து. இரண்டு பேர் மறுத்தார்கள், அவர்களிடம் எடுக்கவில்லை. முதல் லாட்டில் ஒரு பீஸைக் கடைக்காரர் கையெழுத்தோடு சீல் வைத்து என்னிடமே வைத்துக்கொள்கிறேன். பேல் வந்தால் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்து டேப்பும் தராசும் வைத்த பிறகே மீதிப் பணம். பிரிப்பதை வீடியோ எடுக்கிறேன். அந்தப் பழைய லாட்டில் மிச்சமிருந்ததை உண்மையான அளவைப் போட்டுத் தனிப் பட்டியலாக, எஸ் என்றே விற்கிறேன். அதில் "அளவு சிறியது" என்று ரிட்டர்ன் வருவது நின்றுவிட்டது.